மூன்றில் ஒன்றுக்கு மேல் எழுத முடியாது

ஒரு முஸ்லிம் இறக்கும் நொடியிலேயே அவருடைய சொத்து வாரிசுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பத்திரம் எழுதும் வரையோ பட்டா மாறும் வரையோ அது காத்திருப்பதில்லை. ஆனால் அவர் உயிரோடு இருக்கும்வரை அந்தச் சொத்தில் பிள்ளைகளுக்கு எந்த உரிமையும் கிடையாது. பிறப்பிலேயே மகனுக்குப் பங்கு உண்டு என்ற இந்துக் கூட்டுக் குடும்ப முறைக்கு இங்கே இடமில்லை. தாத்தா வாங்கியது, அப்பா வாங்கியது, சொந்த உழைப்பில் வாங்கியது என்ற பிரிவும் இல்லை. இறந்தவர் பெயரில் இருந்தது அனைத்தும் ஒரே குவியல். அந்தக் குவியலை யார் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும் கணக்கைத்தான் மார்க்க அறிஞர்கள் ‘ஃபராயிழ்’ என்கிறார்கள். அடிப்படைப் பங்குகள் குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில், 11, 12, 176 ஆகிய வசனங்களில் வருகின்றன.

இந்தியாவில் இந்தக் கணக்குக்குச் சட்ட வலிமை தருவது 1937ஆம் ஆண்டின் முஸ்லிம் தனிச்சட்ட (ஷரீஅத்) பயன்பாட்டுச் சட்டம். அதற்கு முன்பு பல இடங்களில் ஊர் வழக்கம்தான் மேலோங்கி நின்றது. அந்த வழக்கம் பெரும்பாலும் பெண்களுக்குப் பங்கில்லை என்றே சொல்லியது. 1937 சட்டம் வழக்கத்தை ஒதுக்கி, ஷரீஅத்தை முன்னுக்குக் கொண்டுவந்தது. ஆனாலும் அதில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. விவசாய நிலத்தின் வாரிசுரிமை அன்றைக்கு மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்ததால், மத்தியில் இயற்றிய அந்தச் சட்டம் விவசாய நிலத்தை வெளியே விட்டுவிட்டது. வீட்டில் மகளுக்குப் பங்கு உண்டு, வயலில் வழக்கம் என்ன சொல்கிறதோ அதுதான் என்ற நிலை.

சித்தூரில் இந்த ஓட்டை 1949லேயே அடைபட்டது. அப்போது சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. திருப்பதியும் அதே மாவட்டத்தில்தான் இருந்தது. சென்னை மாகாணச் சட்டமன்றம் 1949ஆம் ஆண்டின் 18ஆம் எண் சட்டத்தால் 1937 சட்டத்தைத் திருத்தி, விவசாய நில விலக்கை எடுத்துவிட்டது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு அந்தத் திருத்தமும் சேர்ந்தே போயிற்று. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆனதால் இதில் ஒன்றும் மாறவில்லை. ஆகவே, சித்தூர் நகரத்து வீடானாலும், ஊரைச் சுற்றியுள்ள மாந்தோப்பானாலும், கரும்பு வயலானாலும் முஸ்லிம் குடும்பத்தில் பங்கு ஒரே கணக்குத்தான். தோப்பு ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கலாம். அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் இடம் போய் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

இங்கே சொல்லப்படுவது சுன்னி பிரிவின் ஹனஃபி முறை. வேறாக நிரூபிக்கப்படாவிட்டால் இந்திய நீதிமன்றங்கள் கட்சிக்காரர்களை ஹனஃபிகளாகவே கொள்கின்றன. தமிழகக் கடற்கரை ஊர்களில் அதிகமாக உள்ள ஷாஃபி முறையிலும் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் அடிப்படைப் பங்குகள் இவையே. ஷியா சட்டம் சில இடங்களில் வெகுவாக வேறுபடும்.

பங்கு பிரிக்கும் முன்

குவியலிலிருந்து முதலில் எடுக்கவேண்டியது அடக்கச் செலவு. அடுத்து கடன். வங்கிக் கடனும் கைமாற்றும் மட்டுமல்ல, மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் கடன்தான். நிக்காஹ் பதிவேட்டில் எழுதியதோடு பல குடும்பங்கள் மஹரை மறந்துவிடுகின்றன. மனைவி அதை மனதார விட்டுக்கொடுத்திருந்தாலொழிய, கணவன் இறந்ததும் அது முழுக்கடனாக வந்து நிற்கும். அதை வாங்கிக்கொண்டதால் அவருடைய வாரிசுப் பங்கு குறையாது. இரண்டும் வெவ்வேறு உரிமைகள். கடன் சொத்தை மீறினாலும் பிள்ளைகள் தங்கள் கைப்பணத்திலிருந்து கட்டவேண்டிய சட்டக் கடமை இல்லை. தங்கள் பங்காக வந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பு.

கடன் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கு வரை உயிலுக்கு இடம் உண்டு. அதற்கும் பிறகு இருப்பதுதான் வாரிசுகளுக்கு. இந்த வரிசை மாறினால் கணக்கு முழுவதும் தவறிப்போகும். மொத்தச் சொத்தில் மூன்றில் ஒன்றைப் பார்த்து உயில் எழுதிவிட்டு, கடனைப் பிறகு நினைத்துப் பார்ப்பதுதான் பல வழக்குகளின் ஆரம்பம்.

யாருக்கு எவ்வளவு

கணவன் அல்லது மனைவி, தாய், தந்தை, மகன், மகள் ஆகியோரை வேறு எந்த வாரிசும் முழுவதுமாக வெளியேற்ற முடியாது. ஒருவர் இருப்பதால் இன்னொருவரின் அளவு குறையலாம். பங்கே இல்லாமல் போகாது.

மனைவியின் பங்கு, இறந்தவருக்குப் பிள்ளை இருந்தால் எட்டில் ஒன்று. இல்லையென்றால் நான்கில் ஒன்று. மனைவியர் ஒருவருக்கு மேல் இருந்தால் அந்த ஒரே பங்கைத்தான் தங்களுக்குள் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மனைவி இறந்தால் கணவனுக்கு, பிள்ளை இருந்தால் நான்கில் ஒன்று, இல்லையென்றால் பாதி. பிள்ளை என்றால் இருவருக்கும் பிறந்ததாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. இறந்தவரின் முந்தைய திருமணத்துப் பிள்ளை இருந்தாலும் துணையின் பங்கு குறையும். இறந்தவருடைய மகனின் பிள்ளைகளும் இதில் கணக்கில் வருவார்கள்.

தாய்க்கும் தந்தைக்கும், பிள்ளை இருந்தால் ஆளுக்கு ஆறில் ஒன்று. பிள்ளை இல்லாமல் போனால் தாயின் பங்கு மூன்றில் ஒன்றாக ஏறும். ஆனால் இறந்தவருக்கு உடன்பிறந்தோர் இருவர் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆறில் ஒன்றிலேயே நிற்கும். தந்தைக்கு இரட்டை நிலை உண்டு. மகன் இருந்தால் ஆறில் ஒன்று மட்டும். மகள்கள் மட்டுமே இருந்தால் ஆறில் ஒன்றோடு, எல்லோருக்கும் போக மிஞ்சியதும் அவருக்கே. பிள்ளையே இல்லையென்றால் மிச்சம் முழுவதும் அவருக்கு.

இளம் வயதில், பிள்ளை இல்லாமல், மனைவியையும் பெற்றோரையும் விட்டுவிட்டு ஒருவர் இறக்கும்போது கணக்கில் ஒரு சிறு திருப்பம் உண்டு. மனைவிக்கு நான்கில் ஒன்றை எடுத்தபின், தாய்க்கு மொத்தத்தில் மூன்றில் ஒன்று அல்ல, மிச்சத்தில் மூன்றில் ஒன்று. ஆக மனைவிக்குக் கால், தாய்க்குக் கால், தந்தைக்குப் பாதி. கலீஃபா உமரின் தீர்ப்பிலிருந்து வந்த வழி இது.

மகன் இருந்தால் மகளுக்குத் தனியாக ஒதுக்கிய பங்கு கிடையாது. மற்றவர்களுக்குப் போக மிஞ்சியதை, மகனுக்கு இரண்டு மகளுக்கு ஒன்று என்ற அளவில் சேர்ந்து பெறுகிறார்கள். மகன் இல்லாதபோதுதான் மகளின் பங்கு எண்ணாக வருகிறது: ஒரே மகளுக்குப் பாதி, இருவர் அல்லது அதற்கு மேல் இருந்தால் எல்லோருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும், உயிரோடு பிறந்தால், பங்கு உண்டு. அதனால் மருமகளோ மனைவியோ கர்ப்பமாக இருக்கும் வீட்டில் அவசரப்பட்டுப் பாகம் பிரிப்பது பின்னால் வம்பாக முடியும்.

சித்தூர்க் குடும்பம் ஒன்றின் கணக்கு

எண்களை வைத்துப் பார்த்தால்தான் இது விளங்கும். கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சித்தூரில் வெல்ல வியாபாரம் செய்த பெரியவர் ஒருவர் இறந்துபோகிறார். மனைவி இருக்கிறார். வயதான தாயும் இருக்கிறார். தந்தை முன்பே காலமாகிவிட்டார். இரண்டு மகன்கள், ஒரு மகள். இவர்களைத் தவிர இன்னொரு மகனும் இருந்தார். அவர் தந்தைக்கு முன்பே இறந்துவிட்டார். அவருடைய சிறுவயது மகன், அதாவது பெரியவரின் பேரன், தாத்தா வீட்டில்தான் வளர்கிறான்.

சொத்து: நகரத்தில் 45 லட்சம் பெறும் வீடு, ஊருக்கு வெளியே 40 லட்சம் பெறும் நான்கு ஏக்கர் தோத்தாபுரி மாந்தோப்பு, வங்கியில் 11 லட்சம். மொத்தம் 96 லட்சம். அடக்கச் செலவு, வங்கிக் கடன், கொடுபடாத மஹர் எல்லாம் சேர்த்து 6 லட்சம். மிச்சம் 90 லட்சம்.

பெரியவர் உயில் எதுவும் எழுதாமல் இறந்திருந்தால், இந்த 90 லட்சமும் வாரிசுகளுக்குப் போகும். பேரனுக்கு ஒரு ரூபாய் கூட வராது. உயிரோடு மகன்கள் இருக்கும்போது, இறந்த மகனின் பிள்ளைக்கு ஹனஃபி முறையில் பங்கில்லை. நெருங்கிய உறவு தூரத்து உறவை விலக்கும் என்பது விதி. இறந்தவரின் இடத்தில் அவர் பிள்ளை நின்று பங்கு வாங்கும் முறை இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் உண்டு, இங்கே இல்லை. தகப்பனை இழந்த குழந்தை தாத்தாவின் சொத்தையும் இழப்பது கொடுமையான நிலைதான். அதை ஈடுகட்ட இந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கும் வழி உயில்.

இந்தப் பெரியவர் உயில் எழுதியிருக்கிறார். நான்கு ஏக்கர் தோப்பும் பேரனுக்கு, வீடு மூத்த மகனுக்கு என்று எழுதி, சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பதிவும் செய்திருக்கிறார். இரண்டு ஆசைகளிலும் சிக்கல் இருக்கிறது, ஆனால் ஒரே சிக்கல் அல்ல.

உயிலின் இரண்டு எல்லைகள்

முஸ்லிம் எழுதும் உயிலுக்கு, அதாவது வஸிய்யத்துக்கு, இரண்டு தனித்தனி எல்லைகள் உண்டு. ஒன்று அளவு பற்றியது: கடன் போக மிஞ்சியதில் மூன்றில் ஒன்றுக்கு மேல் கூடாது. மற்றது ஆள் பற்றியது: ஏற்கெனவே வாரிசுப் பங்கு பெறுகிறவருக்கு எழுதக் கூடாது. நபிகளின் தோழர் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் நோயுற்றபோது, தமக்கு மகள் ஒருத்திதான் இருப்பதால் சொத்தில் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய விரும்பிக் கேட்டதாகவும், மூன்றில் ஒன்றே அதிகம், வாரிசுகளை வறுமையில் விடாதே என்று நபிகள் சொன்னதாகவும் வரும் ஹதீஸ்தான் முதல் எல்லைக்கு ஆதாரம். ஒவ்வொரு வாரிசுக்கும் அவருக்குரியதை இறைவன் கொடுத்துவிட்டான், ஆகவே வாரிசுக்கு உயில் இல்லை என்ற கருத்தில் வரும் இன்னொரு ஹதீஸ் இரண்டாம் எல்லைக்கு.

இதைப் பலர் கலந்துவிடுகிறார்கள். மூன்றில் ஒன்றுக்குள் இருந்தால் மகனுக்கும் எழுதலாம் என்று நினைக்கிறார்கள். சுன்னி சட்டத்தில் அது தவறு. மகனுக்கு ஒரு சென்ட் நிலம் எழுதினாலும் மற்ற வாரிசுகள் ஒப்புக்கொண்டால்தான் செல்லும். ஷியா சட்டத்தில் மட்டும் மூன்றில் ஒன்றுக்குள் வாரிசுக்கு எழுத மற்றவர் சம்மதம் வேண்டியதில்லை.

இப்போது சித்தூர்ப் பெரியவரின் உயில். மிச்சச் சொத்து 90 லட்சம். அதில் மூன்றில் ஒன்று 30 லட்சம். பேரன் வாரிசு அல்ல என்பதால் அவனுக்கு எழுதியது ஆள் எல்லையைத் தாண்டவில்லை. அளவு மட்டும் தாண்டியிருக்கிறது. 40 லட்சம் பெறும் தோப்பில் 30 லட்சம் அளவுக்கு, அதாவது மூன்று ஏக்கருக்கு, உயில் செல்லும். நான்காவது ஏக்கர் வாரிசுகளுக்குத் திரும்புகிறது. வீட்டை மூத்த மகனுக்கு எழுதியதோ ஆள் எல்லையில் அடிபடுகிறது. மற்ற வாரிசுகள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த வாசகம் இல்லாததற்குச் சமம்.

பேரனுக்கு மூன்று ஏக்கர் போக, பிரிக்கவேண்டியது வீடு 45 லட்சம், ஒரு ஏக்கர் தோப்பு 10 லட்சம், கையிருப்பு 5 லட்சம்: மொத்தம் 60 லட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 7.5 லட்சம். தாய்க்கு ஆறில் ஒன்று, 10 லட்சம். மிச்சம் 42.5 லட்சம் பிள்ளைகளுக்கு. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்றால் மொத்தம் ஐந்து கூறு. ஒரு கூறு 8.5 லட்சம். மகன்களுக்கு ஆளுக்கு 17 லட்சம், மகளுக்கு 8.5 லட்சம். எல்லாம் கூட்டினால் 60 சரியாக வரும்.

உயில் பதிவு செய்யப்பட்டது என்பதால் எல்லை தளராது. பதிவு, அந்தக் காகிதம் உண்மையானது, அந்த நாளில் அவர்தான் கையெழுத்திட்டார் என்பதைக் காட்ட உதவும். அவருக்கு அப்படி எழுத அதிகாரம் உண்டா என்பதை சப்-ரிஜிஸ்ட்ரார் தீர்மானிப்பதில்லை. முஸ்லிம் உயிலுக்குப் பதிவே கட்டாயமில்லை. வாய்மொழியாகச் சொன்னதும் நிரூபிக்கப்பட்டால் செல்லும். ஆனால் வாய்மொழி உயிலை நீதிமன்றத்தில் நிரூபிப்பது மிகக் கடினம். பேரனுக்கு ஒன்று கிடைக்கவேண்டும் என்று உண்மையாக நினைக்கிறவர் அதை எழுத்தில், சாட்சிகளோடு வைப்பதே நல்லது.

மற்ற வாரிசுகளின் சம்மதம் எந்த எல்லையையும் தளர்த்தும், ஆனால் அதற்கும் நேரம் உண்டு. ஹனஃபி முறையில் அந்தச் சம்மதம் எழுதியவர் இறந்த பிறகு தரப்படவேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போது மகன்கள் தலையாட்டியதும் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் மட்டும் போதாது. பிறகு மாற்றிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. இறந்தபின் கொடுத்த சம்மதத்தையோ திரும்பப் பெற முடியாது. எல்லோரும் சம்மதிக்கவேண்டும் என்பதும் இல்லை. நம் கணக்கில் மகள் மட்டும் நான்காவது ஏக்கரும் பேரனுக்கே போகட்டும் என்றால், அந்த 10 லட்சத்தில் அவளுக்கு வரவேண்டிய பங்கு, சுமார் 1 லட்சத்து 42 ஆயிரம், அவனுக்குச் சேரும். மற்றவர்களின் பங்கைத் தொடமுடியாது.

ஒருவர் வாரிசா இல்லையா என்பது உயில் எழுதிய நாளை வைத்து அல்ல, இறந்த நாளை வைத்தே முடிவாகும். மகன் இருக்கும்போது தம்பிக்கு எழுதிய உயில் சரி. ஏனென்றால் மகன் தம்பியை விலக்குகிறான். பிறகு மகன் தகப்பனுக்கு முன்பே இறந்துபோனால் தம்பியே வாரிசாகிவிடலாம். பழைய உயில் அப்போது செல்லாது. உயிலை எழுதிப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

வாரிசே இல்லாதவருக்கு மூன்றில் ஒன்று எல்லை இல்லை. யாருடைய பங்கும் பாதிக்கப்படாது என்பதால் முழுவதையும் எழுதலாம். சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணந்த முஸ்லிமின் சொத்துக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் வருவதால், அவருக்கும் இந்த எல்லைகள் இல்லை.

தகப்பனை இழந்த பேரப்பிள்ளைகளின் பிரச்சினையை வேறு சில நாடுகள் சட்டத்தாலேயே தீர்க்கப் பார்த்தன. எகிப்து 1946இல், தாத்தா எழுதாவிட்டாலும் மூன்றில் ஒன்றுக்குள் பேரனுக்கு உயில் எழுதியதாகவே கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. பாகிஸ்தான் 1961இல் பேரன் இறந்த தந்தையின் இடத்தில் நின்று பங்கு பெறலாம் என்றது. அந்தச் சட்டம் இன்று வங்கதேசத்திலும் உண்டு. இந்தியாவில் அப்படி எதுவும் இல்லை. தாத்தா எழுதினால்தான் உண்டு.

மகள்கள் மட்டும் இருக்கும் வீடு

ஒரே மகளும் மனைவியும் இருக்க, பெற்றோர் இல்லாமல், ஒரு தம்பியை விட்டு ஒருவர் இறக்கிறார். பிரிக்கவேண்டியது 40 லட்சம். மகளுக்குப் பாதி, 20 லட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 5 லட்சம். மிச்சம் 15 லட்சம் தம்பிக்கு. மகன் இல்லாத வீட்டில் மிச்சம் தகப்பன் வழி ஆண் உறவுக்குப் போகும். மகளோடு சேரும்போது இறந்தவரின் சகோதரியும் மிச்சத்தில் பங்கு பெறுவார். இத்தகைய உறவு எவரும் இல்லாதபோது மட்டுமே மிச்சம் மகளுக்குத் திரும்பி வந்து அவளுக்கு 35 லட்சமாகும். மனைவியின் எட்டில் ஒன்று அப்போதும் ஏறுவதில்லை.

மகளுக்கே எல்லாம் என்று உயில் எழுத முடியாது, மகள் வாரிசு. ஆகவே மகள்களை மட்டும் பெற்றவர்கள் தேடும் வழி ஹிபா, அதாவது உயிரோடு இருக்கும்போதே கொடுக்கும் தானம். ஹிபாவுக்கு மூன்றில் ஒன்று எல்லை கிடையாது. முழுச் சொத்தையும் ஒரு மகளுக்குக் கொடுத்தாலும் சட்டப்படி செல்லும். ஆனால் மூன்று காரியங்கள் நடந்திருக்கவேண்டும்: கொடுக்கிறேன் என்று அறிவிக்கவேண்டும், மகள் ஏற்றுக்கொள்ளவேண்டும், சொத்து அவள் வசம் ஒப்படைக்கப்படவேண்டும். மூன்றாவதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. பத்திரம் எழுதிவிட்டு, வாடகையைத் தானே வாங்கிக்கொண்டு, பட்டாவையும் தன் பெயரிலேயே வைத்திருந்தால், கொடுத்தவரின் அண்ணன் தம்பிகள் வழக்குப் போடும்போது ஹிபா நிற்காமல் போகலாம். எழுத்தில் இருந்தும் பதிவு செய்யாத ஹிபாவும், மூன்று காரியங்களும் நடந்திருந்தால் செல்லும் என்று ஆந்திரத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. அதற்காகப் பதிவைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம் அல்ல. வங்கியும் தாசில்தார் அலுவலகமும் பதிவான பத்திரத்தைத்தான் கேட்பார்கள்.

மரணப் படுக்கையில் கொடுக்கும் ஹிபா வேறு. பிழைக்கமாட்டோம் என்ற அச்சத்தோடு, அந்த நோயிலேயே இறந்துபோனவர் கொடுத்ததை ‘மர்ளுல் மவ்த்’ தானம் என்பார்கள். அதற்கு உயிலின் இரண்டு எல்லைகளும் பொருந்தும்: மூன்றில் ஒன்றுக்கு மேல் இல்லை, வாரிசுக்கு மற்றவர் சம்மதம் இல்லாமல் இல்லை. மருத்துவமனையில் வைத்துக் கைரேகை வாங்கிய பத்திரங்கள் பல இதனாலேயே விழுகின்றன.

எல்லாப் பங்கையும் கூட்டினால் ஒன்றைத் தாண்டும் சந்தர்ப்பமும் உண்டு. கணவன், இரண்டு மகள்கள், தாய், தந்தை ஆகியோரை விட்டு ஒரு பெண் இறந்தால், கால், மூன்றில் இரண்டு, இரண்டு ஆறில் ஒன்றுகள். பன்னிரண்டில் கணக்கிட்டால் 15 வருகிறது. அப்போது பகுதியையே 15 ஆக்கி எல்லோருக்கும் விகிதப்படி குறைப்பார்கள். 30 லட்சமானால் கணவனுக்கு 6 லட்சம், மகள்களுக்கு ஆளுக்கு 8, தாய் தந்தைக்கு ஆளுக்கு 4. இதற்கு ‘அவ்ல்’ என்று பெயர்.

தாயின் பங்கு எங்கே போகிறது

ஒருவர் இறந்ததும் குடும்பம் முதலில் போய் நிற்பது எம்.ஆர்.ஓ. ஆபீஸிலும் மீ சேவாவிலும்தான். குடும்ப உறுப்பினர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது மனைவி, மக்கள் பெயர் போட்டு, தாயின் பெயரை விட்டுவிடுவது எளிதில் நடந்துவிடும். சில சமயம் தாய் வேறு மகன் வீட்டில் இருப்பார். நம் சித்தூர்க் கணக்கில் அந்தத் தாய்க்கு 10 லட்சம். விதவைக்குக் கிடைப்பதைவிட அதிகம். சான்றிதழில் பெயர் இல்லாததால் அவர் பங்கு போய்விடாது. அந்தச் சான்றிதழ் யார் யார் குடும்பத்தில் இருக்கிறார்கள் என்று சொல்வதோடு சரி; பங்கைத் தீர்மானிப்பதில்லை. பட்டாதார் பாஸ்புக்கில் பெயர் மாறுவதும் அப்படித்தான். வருவாய்த் துறை பதிவு உரிமையை உண்டாக்குவதில்லை.

தாயின் பங்கை விட்டுவிட்டால் வரும் வினை பெரிது. சில ஆண்டுகளில் அவரும் இறந்துபோகிறார் என்றால், அவருடைய 10 லட்சம் அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அவருடைய வாரிசுகள் அவருக்கு மிஞ்சியிருக்கும் மகன்களும் மகள்களும். அதாவது நம் பெரியவரின் அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும். வெல்ல வியாபாரியின் வீட்டிலும் தோப்பிலும் சிறிய பாகத்துக்கு அவர்கள் சட்டப்படி கூட்டுச் சொந்தக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். அதற்குள் மகன்கள் வீட்டை விற்றிருந்தால், வாங்கியவர் வீட்டுக் கதவை அவர்கள் தட்டலாம். தாய் உயிரோடு இருக்கும்போதே அவருக்குரியதைக் கொடுத்துவிட்டு, பதிவான பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அவருடைய கையெழுத்தையும் வாங்கிவிட்டால் இது வராது.

மகள்களின் பங்கு காணாமல் போகும் விதம் வேறு. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே, ‘கல்யாணத்துக்குச் செலவழித்தாயிற்று’ என்று சொல்லி, மகளிடம் உரிமை விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குகிறார்கள். அப்போது அவளுக்கு எந்த உரிமையும் இல்லை. இல்லாத உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. அதனால் அந்தப் பத்திரம் தன்னளவில் செல்லாது. ஆனால் அதற்காக அவள் பணமோ சொத்தோ வாங்கியிருந்தால், பிறகு பங்கு கேட்கக்கூடாது என்று நீதிமன்றம் அவளைத் தடுக்கும். 1973இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது. ஒன்றும் வாங்காமல் கையெழுத்து மட்டும் போட்டவளுக்கு வழி அடைபடவில்லை. தகப்பன் இறந்த பிறகு, தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்து, ஒரு தொகை வாங்கிக்கொண்டு ஒதுங்குவது முற்றிலும் சரியான முறை. அதற்கு ‘தகாருஜ்’ என்று பெயர். அதையும் பதிவு செய்யவேண்டும்.

ஜமாஅத்திலோ முஃப்தியிடமோ கணக்குக் கேட்டுப் பாகம் எழுதி வாங்குவது நல்ல வழக்கம். எண்கள் அங்கே பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் அந்த ஃபத்வா யாரையும் சட்டப்படி கட்டாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவாக்கியது. ஒரு வாரிசு மறுத்தால், பாகப்பிரிவினை வழக்கை உரிமையியல் நீதிமன்றத்தில்தான் போடவேண்டும். எல்லா வாரிசுகளையும் அதில் சேர்க்கவேண்டும்.

எத்தனை ஆண்டுகளுக்குள் போடவேண்டும் என்ற கேள்விக்கு எளிய ஒற்றை விடை இல்லை. கூட்டுச் சொந்தக்காரரில் ஒருவர் சொத்தை வைத்து அனுபவிப்பது மற்றவர்களுக்காகவும் வைத்திருப்பதாகவே கொள்ளப்படும். ஆகவே அண்ணன் தோப்பில் மாங்காய் பறித்துக்கொண்டிருந்தான் என்பதால் மட்டும் தங்கையின் உரிமை கரையாது. ‘உனக்கு இதில் பங்கில்லை’ என்று அவளுக்குத் தெரியும்படி வெளிப்படையாக மறுத்த நாளிலிருந்துதான் அவளுக்கு எதிரான பன்னிரண்டு ஆண்டுக் கெடு ஓடத் தொடங்கும். அப்படி மறுத்து நோட்டீஸோ கடிதமோ வந்தால் அந்தத் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு உடனே வழக்கறிஞரைப் பார்ப்பது அவசியம்.